புள்ளி போன கதை

தமிழ்99 முறையில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு எஃப் என்பது ஆங்கில எழுத்தல்ல, புள்ளி. இடதுகை ஆள்காட்டி விரல் சும்மா இருக்கும்போதுகூட அந்த விசையின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி இந்த விசைப்பலகையை வகுத்தவர்கள் விவரமானவர்கள். தமிழில் புள்ளி வைக்காமல் ஒரு வாக்கியம் எழுதி முடிப்பது கஷ்டம் என்று தெரிந்து, இருப்பதிலேயே வாட்டமான இடத்தை அதற்குக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் சரியாக அந்த விசைதான் படுத்தது.

ஒரேயடியாகப் படுத்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். தமிழ்99இல் ஒரு சௌகரியம் உண்டு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக வந்துவிடும். ‘அம்மா’வுக்கும் ‘அப்பா’வுக்கும் எஃப் தேவையில்லை. ‘ந்த’, ‘ங்க’, ‘ம்ப’ போன்ற ஜோடிகளுக்கும் அப்படியே. அதனால் எஃப் செத்துப்போனாலும் பாதித் தமிழ் நன்றாகவே வரும். மீதிப் பாதிதான் சந்தி சிரிக்கும். எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கு நான் அடித்த கடிதம் இப்படிப் போய்ச் சேர்ந்தது: ‘அனபுள்ள செயலாளர அவரகளுக்கு, மொட்டைமாடித தண்ணீரத தொட்டியின மூடியைக காணவில்லை.’

செயலாளர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பத்து நிமிடத்தில் போன் வந்தது. மூடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “சார், உடம்புக்கு ஒண்ணுமில்லையே? கை கால் எல்லாம் அசையுதா? வாய் கோணலா ஏதும் தெரியுதா, கண்ணாடியில பாருங்க” என்றார். இல்லை சார், கீபோர்டில் புள்ளி வேலை செய்யவில்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஓலைச்சுவடியில புள்ளி வைக்கமாட்டாங்க. படிக்கிறவன்தான் புரிஞ்சுக்கணும். அந்த வகையில உங்க கடிதம் தப்பில்லை” என்று ஆறுதல் சொல்லிவிட்டு வைத்தார்.

காரணம் எனக்குத் தெரியும். ஊரிலிருந்து வந்திருந்த ஒன்றுவிட்ட அண்ணன் டபராவும் டம்ளருமாகக் காபியைக் கணினி மேஜைக்கே கொண்டுவந்து, நின்றபடி ஆற்றினார். கும்பகோணம் பக்கத்துக்காரர், ஒரு முழ உயரத்துக்குக் குறைந்து ஆற்றினால் அவருக்கு அது காபியே இல்லை. பெரிதாக ஒன்றும் கொட்டவில்லை. நாலைந்து சொட்டு. அதுவும் எஃப் விசையின் ஓரமாக. துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, “ஒண்ணும் ஆகாதுப்பா” என்று ஆசீர்வதித்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அண்ணன் சர்க்கரை தூக்கலாகச் சாப்பிடுகிறவர் என்பது இந்தக் கதையில் முக்கியமான தகவல்.

முதலில் விசை ஒட்டியது. அழுத்தினால் கீழே போகும், மேலே வர யோசிக்கும். விரலை எடுத்த பிறகும் அது அழுத்தியபடியே கிடப்பதால், ஆங்கிலத்தில் ஒரு எஃப் கேட்டால் கணினி ஒரு வரி நிறைய எஃப் கொடுத்தது. பிறகு சர்க்கரை நன்றாகக் காய்ந்து இறுகியதும் நிலைமை தலைகீழானது. விசை பாதிதான் இறங்கும். ஓங்கிக் குத்தினால் ஒரு புள்ளி விழும். மழை பெய்த நாளில் மட்டும் கொஞ்சம் இளகி, பழையபடி ஒட்ட ஆரம்பிக்கும். சர்க்கரை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை என் புள்ளிகள் நிரூபித்துக்கொண்டிருந்தன.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். “ஏங்க, ஐந்நூறு அறுநூறு ரூபாய்க்குப் புதுசே கிடைக்குது, இதைப் போட்டுக் கட்டி அழறீங்களே” என்றாள் மனைவி. “ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுடா, கதவுக் கீலுக்கு விட்டா கேக்கறதில்லையா?” என்றாள் அம்மா. கீபோர்டுக்கு எந்த எண்ணெயும் ஆகாது. அன்றைக்கு வழுக்கும், அடுத்த வாரம் வீட்டிலுள்ள தூசியெல்லாம் அந்த எண்ணெயில் வந்து உட்கார்ந்து, காபியே தேவலை என்று ஆகிவிடும். கணினிக் கடைக்காரர், “கீபோர்டெல்லாம் இப்ப யாரும் ரிப்பேர் பண்றதில்ல சார்” என்று முடித்துவிட்டார். மச்சான் வந்து, கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் பட்பட்டென்று தட்டினார். அதிலிருந்து ஓமப்பொடி, ஒரு தலைமுடிச் சுருள், ஒரு ஸ்டேப்ளர் பின், பேரன் எப்போதோ நகம் வெட்டிய மிச்சம், செத்த எறும்பு இரண்டு எல்லாம் உதிர்ந்தன. எஃப் அசையவில்லை. கவிழ்த்துத் தட்டுவது தூளுக்குத்தான் மருந்து, பாகுக்கு அல்ல.

இந்த இடத்தில் பலரும் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவார்கள். அதற்கு முன்னால் குற்றம் விசையுடையதா, கணினியுடையதா என்று பார்த்துவிடுவது நல்லது. விண்டோஸில் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி `osk` என்று தட்டினால் திரையில் ஒரு கீபோர்டு படம் வரும். நிஜக் கீபோர்டில் எதை அழுத்துகிறோமோ அது படத்தில் நிறம் மாறும். எஃப்பை அழுத்தியும் படத்தில் எஃப் அப்படியே இருந்தால், செய்தி கணினிக்குப் போய்ச் சேரவே இல்லை என்று பொருள். விரலை எடுத்த பிறகும் நிறம் மாறியே நின்றால் விசை உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு விசை மட்டுமல்லாமல் எல்லா விசைகளுமே நீண்ட நேரம் அழுத்தினால்தான் எழுத்து வருகிறது என்றால் அது அழுக்கே அல்ல. வலதுபக்க ஷிஃப்ட்டை எட்டு விநாடி அமுக்கிக்கொண்டே இருந்தால் ‘ஃபில்டர் கீஸ்’ என்ற ஒன்று முளைக்கும். கை நடுக்கம் உள்ளவர்களுக்காக வைத்த வசதி அது. அரைத் தூக்கத்தில் ஷிஃப்ட்டின் மேல் கையை ஊன்றியவர்களுக்கும் பாரபட்சமில்லாமல் கிடைக்கும். அதை அணைத்துவிட்டால் கீபோர்டு பிழைத்துவிடும். ஸ்க்ரூ டிரைவரால் அந்த நோய் தீராது.

என்னுடைய எஃப் விஷயத்தில் படம் நிறம் மாறவில்லை. ஆகவே அறுவை சிகிச்சை.

கீபோர்டின் யூஎஸ்பி வயரைப் பிடுங்கியாகிவிட்டது. கம்பியில்லாததாக இருந்தால் பேட்டரியைக் கழற்ற வேண்டும். விசை மூடியைக் கழற்ற ஒரு கம்பி வளையம் உண்டு. அக்கா மகன் வீடியோ கேம் விளையாடுகிறவன். அவனுடைய கீபோர்டோடு வந்தது. அதைக் கொடுக்கும்போதே, “மாமா, உங்களோடது மெக்கானிக்கல் இல்ல, மெம்பரேன். பாத்து இழுங்க” என்று ஒரு மாதிரியாகச் சொன்னான். வளையம் இல்லாதவர்கள் இரண்டு ஜெம் கிளிப்பை நிமிர்த்திக் கொக்கியாக வளைத்துக்கொள்ளலாம். மூடியின் எதிரெதிர்ப் பக்கங்களில் கொக்கியை மாட்டி, இரண்டு கையாலும் ஒரே சீராக, நேராக மேலே தூக்க வேண்டும். ஒரு மூலையில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பினால் மூடி வரும். ஆனால் அதன் அடியில் பற்றிக்கொள்வதற்காக இருக்கும் இரண்டு குட்டி நகங்களில் ஒன்று ஒடிந்துகொண்டு வரும். அந்த நகம் போனால் மூடி பிறகு எங்கும் நிற்காது.

ஸ்பேஸ் பார், என்டர், ஷிஃப்ட் போன்ற நீள விசைகளிடம் இந்த வீரத்தைக் காட்டக் கூடாது. எந்த ஓரத்தில் தட்டினாலும் சமமாக இறங்குவதற்காக அவற்றின் அடியில் ஒரு இரும்புக் கம்பி ஓடும். இழுத்த இழுப்பில் கம்பி வளையும், அல்லது அதைப் பிடித்திருக்கும் கொக்கி உடையும். வளைந்த கம்பியோடு திரும்பிப் போட்ட ஸ்பேஸ் பார் ஆயுசுக்கும் ஒரு பக்கம் நொண்டும். மடிக்கணினிக்கும் இந்த முறை வேண்டாம். அங்கே மூடியின் கீழ் கத்தரிக்கோல்போல் குறுக்கிடும் இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கின்றன. அவை உடைந்தால் அந்தச் செலவு வேறு தரத்தில் இருக்கும்.

டக்கென்று எஃப் கழன்று கையில் வந்தது. மூடியின் அடியிலேயே ஒரு தண்டு. அது இறங்கி ஏறுவதற்குக் கீழே ஒரு குட்டிக் குழாய். குழாயின் அடியில் வெண்மையாக ஒரு ரப்பர் குமிழ் தெரிந்தது. எல்லா விசைகளுக்கும் சேர்த்து ஒரே விரிப்பில் இந்தக் குமிழ்கள் வரிசையாக இருக்கும், இட்லித் தட்டைக் கவிழ்த்து வைத்த மாதிரி. விசையை மேலே தள்ளுகிற ஸ்பிரிங் இதுதான். அதற்கும் கீழே மூன்று பிளாஸ்டிக் தாள்கள். மேல் தாளிலும் அடித்தாளிலும் மின்சாரம் கடத்தும் மையால் கோடு போட்டிருக்கும். நடுத்தாள் இரண்டும் ஒட்டாமல் காக்கிறது. விசைக்கு ஒரு ஓட்டை அதில் உண்டு. விரல் அழுத்த, குமிழ் மடங்க, மேல் தாள் அந்த ஓட்டை வழியாக அடித்தாளைத் தொட்டால் எழுத்து பிறக்கும்.

இதைப் புரிந்துகொண்டால் ஒரு உண்மை விளங்கும். மூடியைக் கழற்றி நாம் சுத்தம் செய்வது குழாயைத்தான், தொடுமுனையை அல்ல. அது ரப்பருக்கும் கீழே, தாள்களுக்கு நடுவே, நம் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. அக்கா மகனுடைய மெக்கானிக்கல் கீபோர்டில் கதை வேறு. அங்கே மூடியின் கீழ் ஒவ்வொரு விசைக்கும் தனி சுவிட்ச், தொடுமுனையும் அதற்குள்ளேயே. அதற்காகத்தான் அவன் அந்த மாதிரிச் சொன்னான் போலிருக்கிறது.

ஆகவே மூடி கழன்ற நிலையிலேயே ஒரு சோதனை செய்துவிட வேண்டும். நான் படித்த வைத்தியக் குறிப்புகள் பலவற்றில் இது இல்லை, ஏன் என்று தெரியவில்லை. யூஎஸ்பியைத் திரும்பச் செருகி, பென்சிலின் ரப்பர் முனையால் அந்தக் குமிழின் நடுமண்டையை மெதுவாக அழுத்த வேண்டும். எழுத்து வந்தால் கீழே எல்லாம் சுகம். கோளாறு குழாயிலும் தண்டிலும்தான், சுத்தம் செய்தால் சரியாகும். வராவிட்டால் குழாயை எவ்வளவு பளபளப்பாக்கினாலும் பயனில்லை. நான் அழுத்தினேன். திரையில் அழகான ஒரு எஃப் விழுந்தது. “வந்துடுச்சு!” என்று கத்தினேன். அடுப்படியிலிருந்து மனைவி, “தண்ணியா?” என்றாள்.

குழாயின் உள்சுவரில் பழுப்பாக ஒரு வளையம். தண்டிலும் அதே நிறம். அதன்மேல் ஒரு எறும்பு, சர்க்கரையை நம்பி வந்து சர்க்கரையிலேயே சமாதியாகியிருந்தது.

கடைகளில் கீபோர்டு துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் என்று சொல்வார்கள். பிசுக்குக்கும் கை எண்ணெய்க்கும் நல்ல மருந்து, சீக்கிரம் ஆவியாகிவிடும். ஆனால் காபி கொட்டிய இடத்தில் அதை முதலில் தடவினால் பாதி வேலைதான் ஆகும். சர்க்கரை தண்ணீரில் கரைகிற அளவுக்கு அதில் கரையாது. அதனால் முதல் சுற்று வெதுவெதுப்பான தண்ணீர். இயர் பட்ஸை நனைத்து, இரண்டு விரலால் பிழிந்து, சொட்டாத அளவுக்கு ஈரம் மட்டும் வைத்துக்கொண்டு குழாயின் உள்சுவரைச் சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டும். பஞ்சு பழுப்பாக வெளியே வரும். அடுத்த பட்ஸ், அடுத்தது, பஞ்சு வெள்ளையாகவே திரும்புகிற வரைக்கும். அதற்குப் பிறகுதான் ஆல்கஹால், அதுவும் பட்ஸில் தொட்டு. அது மிச்ச ஈரத்தையும் பால் பிசுக்கையும் எடுத்துக்கொண்டு போய்விடும். புட்டியைச் சாய்த்துக் குழாய்க்குள் விடக் கூடாது. உள்ளே நழுவிய திரவம் தாள்களுக்கு நடுவே பரவி உட்கார்ந்துகொள்ளும். அங்கே காற்றே போகாததால் எளிதில் காயாது.

மருந்துக்கடையில் ஆல்கஹால் கேட்டதற்கு, “எதுக்கு சார்?” என்றார் பையன். கீபோர்டுக்கு என்றேன். “கொரோனா சமயத்துல வாங்குன சானிடைசர் வீட்ல இருக்குமே, அதுவே போதும்” என்றார். இருந்தது, அரை டஜன் இருந்தது. ஆனால் கை வறளாமல் இருக்கக் கிளிசரின் சேர்ப்பார்கள். ஜெல் என்றால் அதைக் கெட்டியாக்க வேறு ஏதாவது. ஆல்கஹால் பறந்ததும் அவை குழாயிலேயே தங்கிப் பிசுபிசுக்கும். காபியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கிளிசரினை வைத்த புண்ணியம்தான் மிஞ்சும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பற்றி மகள் ஒரு யோசனை சொன்னாள். அதில் அசிட்டோன் இருந்தால் மூடியின் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். எழுத்தும் போகும், முகமும் போகும்.

மூடியைச் சோப்புத் தண்ணீரில் தனியாகக் கழுவினேன். மேல்பக்கத்தை அழுத்தித் தேய்ப்பது ஆபத்து. மலிவான கீபோர்டுகளில் எழுத்து வெறும் அச்சுதான். தண்டின் உள்பக்கம் தண்ணீர் நிற்கும். அதைத் துண்டில் உதறி, ஒரு ராத்திரி முழுக்கக் காற்றாட விட்டேன். அடுப்படி ஜன்னல் மேடையில் அது உலர்ந்துகொண்டிருப்பதைக் கண்ட அம்மா, தாயக்கட்டை என்று நினைத்துப் பேரனிடம் கொடுக்கப் போனாள். அதைக் காப்பாற்றியதுதான் இந்தச் சிகிச்சையிலேயே பெரிய சாகசம்.

மறுநாள் காலையில் மூடியை வைத்து டக்கென்று சத்தம் வரும்வரை நேராக அழுத்தினேன். எஃப்பிலும் ஜேயிலும் விரல் நுனிக்குத் தட்டுப்படுகிற சிறு மேடு ஒன்று இருக்கும். பார்க்காமல் அடிக்கிறவர்களுக்கு அதுதான் வீட்டு விலாசம். ஆர்வக் கோளாறில் நாலைந்து மூடிகளைக் கழற்றியவர்கள் இந்த இரண்டையும் இடம் மாற்றி வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துவைத்தால் கவலையில்லை.

சரியாகிவிட்டதா என்று பார்க்க நடுவில் தட்டிப் பார்த்தால் போதாது. நடுவில் தட்டினால் ஒட்டுகிற விசைகூட ஒழுங்காக நடிக்கும். நாலு மூலையிலும், ஒவ்வொன்றாக, மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். எங்கேயாவது தண்டு உரசி நின்றால் குழாயின் அந்தப் பக்கச் சுவரில் பாகு மிச்சமிருக்கிறது. என்னுடையதில் வலது மேல்மூலை கொஞ்சம் மக்கர் செய்தது. திரும்பவும் கழற்றி, அந்தப் பக்கத்துக்கு மட்டும் இன்னொரு ஈரப் பட்ஸ். பிறகு `osk` படத்தில் எஃப் தொட்டால் நிறம் மாறியது, விட்டால் உடனே பழையபடி ஆனது. ‘தண்ணீர்த் தொட்டி’ என்று அடித்துப் பார்த்தேன். எல்லாப் புள்ளியும் அதனதன் தலையில்.

என் அதிர்ஷ்டம், கொட்டியது நாலைந்து சொட்டு. ஒரு டம்ளர் முழுக்கக் கவிழ்ந்திருந்தால் குமிழ்ச் சோதனையிலேயே விடை தெரிந்திருக்கும். அதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு. கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிக் கோடு கிடையாது. பல விசைகள் ஒரே மைக்கோட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தக் கோடு ஓரிடத்தில் அரித்துப்போனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலைந்து விசைகள் ஒரே நாளில் சேர்ந்து சாகும். அப்படிச் செத்தால் எந்த மூடியைக் கழற்றியும் புண்ணியமில்லை. பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றி, தாள்களைப் பிரித்து, அரித்த கோட்டின் மேல் கடத்தும் மை பூசுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்த மையின் விலைக்கு ஒரு புதுக் கீபோர்டே வந்துவிடும் என்பதால் அவர்களை நான் மதிக்கிறேன், பின்பற்றவில்லை.

ஆகவே உங்கள் வீட்டில் ஒரு விசை மட்டும் படுத்தால், கடைக்குப் போகுமுன் மூடியைத் தூக்கிக் குமிழைப் பென்சிலால் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். எழுத்து வந்தால் அந்தக் கீபோர்டைத் தூக்கிப் போடாதீர்கள். வராவிட்டால் மனைவி சொன்னபடி புதுசு வாங்குங்கள். அதே மாடலையே வாங்குவதாக இருந்தால், பழசைக் கழிப்பதற்கு முன் மூடிகளைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். வேறு மாடலுக்கு அவை பெரும்பாலும் பொருந்தாது.